தேன் போத்தல் நிரம்பவில்லை, நெய் போத்தல் வழிகிறது: எடையில் அடைக்கும்போது வரும் கோளாறுகள்

சென்ற தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஈசூனில் வீவக வீட்டிலிருந்து தேனும் நெய்யும் அடைத்து விற்கும் அக்கா ஒருவர், தேக்காவில் நான் வேலை செய்யும் கடைக்கு இரண்டு துணிப்பைகளோடு வந்தார். ஒரு பையில் போத்தல்கள், இன்னொன்றில் தராசு. கடையின் பின்கட்டில் பல ஆண்டுகளாகத் தேனும் எண்ணெயும் நெய்யும் அடைப்பது என் வேலை என்பதால் யாரோ என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

"தம்பி, இந்தத் தராசு பழுதாகிவிட்டது. தேனுக்கு 500 காட்டும்போது போத்தலில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கிறது. நெய்க்கோ 500 வருவதற்குள் வழிந்துவிடுகிறது. ஒரே போத்தல், ஒரே தராசு. எப்படி?"

தராசில் ஒரு பழுதும் இல்லை. அவர் கேட்ட கேள்வியிலேயே விடை இருந்தது. ஆனால் அவருடைய 24 போத்தல்களையும் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்தபோது வேறு சில கோளாறுகளும் வெளிவந்தன. கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை முதலில் சொல்லி, அதன் காரணத்தையும் தீர்வையும் பின்னால் சொல்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனாலும் முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுவது நல்லது.

தராசு 500 காட்டுகிறது, தேன் போத்தல் நிரம்பவில்லை. நெய் போத்தல் வழிகிறது

அக்காவின் தராசைத் திருப்பிப் பார்த்தேன். திரையின் மூலையில் `g` இருக்க வேண்டிய இடத்தில் `ml` என்று இருந்தது. சமையலறைத் தராசுகளில் அலகு மாற்றும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் கிராம், அவுன்ஸ், மில்லிலிட்டர் என்று மாறிக்கொண்டே போகும். போத்தலின் அடியில் 500 மி.லி. என்று பொறித்திருந்ததால், மில்லிலிட்டரில் அளப்பதுதான் முறை என்று அவர் நினைத்திருக்கிறார்.

தராசுக்குக் கொள்ளளவு தெரியாது. தட்டின்மேல் அழுத்தும் பாரத்தை மட்டுமே அது அறியும். `ml` என்று காட்டும்போது அது செய்வதெல்லாம், உள்ளே இருப்பது தண்ணீர் என்று வைத்துக்கொண்டு கிராமை மில்லிலிட்டராகப் பெயர் மாற்றுவதுதான். தண்ணீர் ஒரு மில்லிலிட்டர் ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால் தண்ணீருக்கு அது சரி. தேனுக்கும் நெய்க்கும் சரியல்ல, அதிலும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகுகின்றன.

தேன் தண்ணீரைவிடக் கனமானது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு மில்லிலிட்டர் தேன் ஏறத்தாழ 1.41 கிராம். நெய் கெட்டியாக இருப்பதால் அதுவும் கனம் என்றுதான் பலர் எண்ணுகிறார்கள், கடையில் பல ஆண்டு வேலை பார்த்தவர்கள்கூட. நெய் தண்ணீரைவிட இலேசானது. உருகிய நெய் ஒரு மில்லிலிட்டர் ஏறத்தாழ 0.91 கிராம்தான். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு கரண்டி நெய் விட்டால் மேலே மிதக்கும், தேன் விட்டால் நேராக அடியில் போய்ப் படுக்கும். கெட்டித்தன்மைக்கும் கனத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அக்காவின் போத்தலில் கணக்கு இப்படி வருகிறது:

```
500 g தேன்  ÷ 1.41 = 355 ml
500 g நெய்  ÷ 0.91 = 549 ml
500 ml தேன் × 1.41 = 705 g
500 ml நெய் × 0.91 = 455 g
```

அந்தப் போத்தலின் விளிம்புவரை நிரப்பினாலே 520 மி.லி. அளவுதான் பிடிக்கும். எனவே தேன் மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிட்டது. நெய்யோ 500 கிராமை எட்டுவதற்குள் வழிந்தது. வழிகிறதே என்று அவர் கழுத்தோடு நிறுத்திக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், அப்படி அரைமனதாக நிறுத்திய நெய்தான் லேபிளில் போட்ட 500 மி.லி.க்கு அருகில் இருந்தது. தராசை நம்பி ஒழுங்காக அடைத்த தேனில் 145 மி.லி. குறைவு. லேபிள் இரண்டிலும் ஒன்றே: "500 மி.லி."

தீர்வு இரண்டு வழியில் உண்டு. லேபிளை "நிகர எடை 500 கிராம்" என்று மாற்றலாம், அல்லது போத்தல் ஒன்றுக்கு 705 கிராம் தேன் ஊற்றலாம். இரண்டாவது வழியில் 24 போத்தலுக்கு 12 கிலோவுக்குப் பதில் ஏறக்குறைய 17 கிலோ தேன் வேண்டும், பழைய விலைக்கே கொடுக்கவும் முடியாது. அவர் லேபிளை மாற்றினார். ஆனால் மூன்றில் ஒரு பங்கு காலியான போத்தலில் எவ்வளவு உண்மையான லேபிள் ஒட்டினாலும் வாங்குபவருக்கு மனம் ஒப்பாது. 500 கிராம் தேனுக்கு 380 மி.லி. போத்தல்தான் பொருத்தம். தேன் 355 மி.லி. பிடித்தது போக, மூடிக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி இருக்கும். 500 கிராம் நெய்க்கு 580 மி.லி. அளவாவது வேண்டும். இரண்டுக்கும் ஒரே போத்தலை மொத்தமாக வாங்கினால் மலிவு என்று கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எடையா, கொள்ளளவா, எதை லேபிளில் போடுவது? சிங்கப்பூர் உணவு அமைப்பின் லேபிள் வழிகாட்டியில் திரவத்துக்குக் கொள்ளளவு, திடப்பொருளுக்கு நிகர எடை, குழைவாகவோ பிசுபிசுப்பாகவோ இருப்பதற்கு இரண்டில் ஒன்று என்று இருக்கிறது. நான் இரண்டுக்கும் எடையையே போடச் சொல்வேன். அதற்கான காரணம் சூட்டைப் பற்றிய பகுதியில் வருகிறது.

உங்கள் சரக்குக்கு 1.41 பொருந்துமா என்ற சந்தேகம்

கொள்ளளவைத்தான் போட வேண்டும் என்று வாங்குபவர் கேட்டால், பொதுவான எண்ணை நம்பாமல் உங்கள் தேனையே அளந்து பாருங்கள். தேனில் உள்ள நீரைப் பொறுத்துக் கனம் மாறும். 20 பாகை வெப்பத்தில் தண்ணீரோடு ஒப்பிட்டால், 17 விழுக்காடு நீருள்ள தேன் 1.424 மடங்கு கனம், 20 விழுக்காடு நீருள்ளது 1.403 மடங்கு. கோடெக்ஸ் உலகத் தரம் பொதுவாகத் தேனுக்கு அனுமதிக்கும் மேல் எல்லை அந்த 20 விழுக்காடு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை விழுக்காடு. கோடு போட்டு அந்தக் கோடுவரை ஊற்றும் பழக்கமுள்ளவர்களுக்கு, பழைய தகரம் முடிந்து புதுத் தகரம் திறந்த அன்று 500 கிராமில் ஏழு கிராம் காணாமல் போவது இதனால்தான்.

அளக்க ஒரு போத்தலும் தராசும் போதும். அக்காவின் போத்தலில் செய்து காட்டினேன். உலர்ந்த வெறும் போத்தல் 262 கிராம். விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, ஒரு தட்டையான கண்ணாடித் துண்டை விளிம்பின்மேல் நகர்த்தி மேடாக நிற்கும் நீரை வழித்துவிட்டு, கண்ணாடியை எடுத்துப் போத்தலைத் துடைத்து எடை போட்டால் 780. ஆகவே தண்ணீர் 518 கிராம். போத்தலை நன்றாக உலர்த்தி, அதே விளிம்புவரை தேன் ஊற்றி, குமிழி அடங்கும்வரை காத்திருந்து, குறைந்ததை நிரப்பி எடை போட்டால் 994. தேன் 732 கிராம். 732-ஐ 518-ஆல் வகுத்தால் 1.413. நம் ஊர் வெப்பத்தில் தண்ணீரே ஒரு மில்லிலிட்டர் 0.996 கிராம்தான் என்பதால் உண்மையான எண் 1.407. இந்த வேலைக்கு 1.41 என்று வைத்துக்கொள்ளலாம்.

போத்தல் உலராமல் இருந்தால் மொத்தக் கணக்கும் கெடும். அடியில் தங்கிய நீர் தேனோடு கலந்து, தேனின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். துணியால் துடைத்தது போதாது, கவிழ்த்து ஓர் இரவு விட வேண்டும்.

ஒரே நாளில் அடைத்த போத்தல்கள், ஆனால் பத்துப் பதினைந்து கிராம் ஏற்றத்தாழ்வு

இது கண்ணாடியின் வேலை. அக்கா முதல் போத்தலைத் தராசில் வைத்து `TARE` அழுத்திப் பூச்சியமாக்கி, அதில் தேன் ஊற்றியிருக்கிறார். அடுத்த போத்தலைப் பூச்சியமாக்காமலே வைத்து ஊற்றியிருக்கிறார். எல்லாம் ஒரே பெட்டியில் வந்த போத்தல்கள்தானே என்ற நம்பிக்கை.

மீதமிருந்த வெறும் போத்தல்களில் பத்தை எடுத்து எடை போட்டேன். மிகவும் இலேசானது 255 கிராம், மிகவும் கனமானது 269. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். அச்சில் ஊதிச் செய்யும் கண்ணாடியில் சுவரின் பருமன் இப்படி மாறுவது இயல்பு. 269 கிராம் போத்தலுக்கு 255 கிராமைக் கழித்தால், 500 என்று காட்டும் போத்தலில் தேன் 486 கிராம்தான் இருக்கும்.

எனவே ஒவ்வொரு போத்தலுக்கும் தனியாகப் பூச்சியமாக்க வேண்டும். கூடவே, வெறும் எடையை ஒரு காகித ஒட்டுப்பட்டையில் எழுதிப் போத்தலின் அடியில் ஒட்டுவது என் வழக்கம். இது வேலைப் பெருக்கம் போலத் தெரியும். ஆனால் பூச்சியம் அழிந்துபோகும் நேரத்தில் இதுதான் கைகொடுக்கும். சமையலறைத் தராசுகள் சில நிமிடம் அசைவில்லாவிட்டால் தாமாகவே அணைந்துவிடும். தேன் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வாசலுக்குப் போய் யாருக்காவது கதவு திறந்துவிட்டு வந்தால் திரை இருண்டிருக்கும், மறுபடி இயக்கினால் பாதி நிரம்பிய போத்தலையே பூச்சியம் என்று சொல்லும். அடியில் எழுதிய எண் இருந்தால், போத்தலை இறக்கி மீண்டும் வைத்து மொத்த எடையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அடைத்து முடித்த போத்தலை ஒரு வாரம் கழித்துச் சோதிக்கவும் அந்த எண்தான் வழி.

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. மூடியோடு பூச்சியமாக்கினால் கடைசிவரை மூடியோடு எடை போடுங்கள், மூடி இல்லாமல் தொடங்கினால் மூடி இல்லாமல் முடியுங்கள். நடுவில் மாறினால் மூடியின் எடை தேன் கணக்கில் ஏறிவிடும்.

இரவு கழுத்துவரை இருந்தது, காலையில் இறங்கிவிட்டது

முதலில் எடை போடுங்கள். எடை நேற்றைப் போலவே இருந்தால் ஒன்றும் ஒழுகவில்லை, திருடும் போகவில்லை. கொள்ளளவு மட்டும் சுருங்கியிருக்கிறது. தேனுக்கும் நெய்க்கும் இதன் காரணம் வெவ்வேறு.

தேனில் பெரும்பாலும் காற்று. தகரத்திலிருந்து உயரமாக ஊற்றும்போதும், கரண்டியால் கிளறும்போதும் சிறு குமிழிகள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. தேனின் பிசுபிசுப்பில் அவை மேலே வர மணிக்கணக்காகும். வெளிச்சத்துக்கு எதிரே போத்தலைப் பிடித்தால், தேன் தெளிவாக இல்லாமல் மங்கலாகத் தெரிவது குமிழிகளால் இருக்கலாம். மறுநாள் மேலே வெள்ளை நுரையாகக் கூடிவிடும். 355 மி.லி. கோடுவரை ஊற்றியதில் இரண்டு விழுக்காடு காற்று இருந்தால் பத்துக் கிராம் தேன் குறைவு. எடையில் அடைத்தவருக்கு இதனால் நட்டமில்லை, கோடு பார்த்து அடைத்தவருக்குத்தான் குறைவு. ஊற்றும்போது போத்தலைச் சாய்த்து உட்சுவரோடு தேன் வழியும்படி செய்தால் காற்று குறையும். தகரத்தைத் திறந்து பெரிய பாத்திரத்துக்கு மாற்றிய பிறகு ஓர் இரவு அசையாமல் மூடி வைத்துவிட்டு மறுநாள் அடைத்தால் இன்னும் நல்லது. மூடி இறுக்கமாக இருக்கட்டும். நம் ஊர் ஈரக்காற்றைத் தேன் உறிஞ்சிக்கொள்ளும்.

நெய்யில் காரணம் சூடு. அடுப்பிலிருந்து இறக்கி வடிகட்டி, கை பொறுக்காத சூட்டில், ஏறக்குறைய 60 பாகையில் அக்கா அடைத்திருக்கிறார். அந்தச் சூட்டில் ஒரு மில்லிலிட்டர் நெய் 0.89 கிராம்தான். 500 மி.லி. கோடுவரை ஊற்றினால் உள்ளே 445 கிராம். ஆறி அறை வெப்பத்துக்கு வரும்போது அதே 445 கிராம் 489 மி.லி. ஆகச் சுருங்கிவிடும். மணல் மணலாக உறையத் தொடங்கினால் இன்னும் சற்று இறங்கும், நடுவில் குழி விழும். அதாவது நெய்க்கு "500 மி.லி." என்று எழுதினால், எந்த வெப்பத்தில் 500 என்ற கேள்வி வந்துவிடுகிறது. குளிர்சாதன அறையில் ஓர் அளவு, மதிய வெயில் படும் சமையலறையில் ஓர் அளவு. கிராமுக்கு அந்தத் தொல்லை இல்லை. சூடாக இருக்கும்போது 455 கிராம் என்றால் உறைந்த பிறகும் 455 கிராம்தான். நெய்க்கு எடையைப் போடச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

ஒரு எச்சரிக்கை. சூடான நெய் போத்தலைத் தராசின் தட்டில் நேராக வைக்காதீர்கள். தட்டுக்கு அடியில் உள்ள உணர்கருவி சூடேறினால் எண் மெல்ல நகரத் தொடங்கும். ஒரு மரப்பலகைத் துண்டை வைத்து, அதோடு சேர்த்துப் பூச்சியமாக்கிவிட்டு ஊற்றுங்கள்.

நிரப்பும்போது 500, எடுத்து மீண்டும் வைத்தால் வேறு எண்

மீண்டும் வைக்கும்போது எண் கூடுகிறதா, குறைகிறதா என்பதை முதலில் பாருங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

கூடினால், உதாரணமாக 507 காட்டினால், தராசு பின்தங்கியிருக்கிறது. மலிவான தராசுகள் எண் துள்ளாமல் இருப்பதற்காகச் சில நொடிகளின் சராசரியைக் காட்டுகின்றன. தேன் வேகமாக இறங்கும்போது திரையில் தெரிவது சற்று முந்திய எடை. தகரத்தின் குழாயை மூடிய பிறகும் அதன் வாயிலிருந்து நூல் போல இழுத்துக்கொண்டு விழும் தேன் வேறு இருக்கிறது. இதற்கு நான் செய்வது, 485 வந்ததும் முக்கால்வாசி மூடிவிட்டு, கடைசிப் பதினைந்து கிராமை மெல்லிய நூலாக இறக்குவது. பொறுமை இல்லாதவர்கள் அந்தக் கடைசிப் பகுதியைக் கரண்டியால் சேர்க்கலாம்.

இந்தக் கடைசிப் பகுதியில் இன்னொரு பொறி இருக்கிறது. சில சமையலறைத் தராசுகள், எண் நிலைத்துவிட்டது என்று முடிவு செய்தபின் சொட்டுச் சொட்டாகச் சேருவதைக் கணக்கில் எடுப்பதில்லை. பாரம் திடீரென்று மாறினால்தான் விழித்துக்கொள்ளும். அக்காவின் தராசு அந்த வகை. 496-இல் நின்றதன்மேல் அவர் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க, எண் அசையவே இல்லை. போத்தலைத் தூக்கி மீண்டும் வைத்தபோது 503 என்று குதித்தது. உங்கள் தராசு இப்படியா என்று அறிய, ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அதில் மருந்துச் சொட்டுக்குழாயால் நிதானமாக நூறு சொட்டு விடுங்கள். ஏறக்குறைய ஐந்து கிராம் கூட வேண்டும். எண் அப்படியே நின்றால், கடைசிக் கிராம்களுக்கு அந்தத் தராசை நம்ப வேண்டாம். ஒவ்வொரு முறையும் போத்தலைத் தூக்கி வைத்துத்தான் படிக்க வேண்டும்.

மாறாக எண் குறைந்தால், நடுவில் எதைத் துடைத்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கழுத்திலும் வெளிச்சுவரிலும் வழிந்த தேனும் தராசுக்குத் தேன்தான். அதோடு 500 என்று எடை பார்த்துவிட்டு, பிறகு ஈரத்துணியால் துடைத்து லேபிள் ஒட்டினால் மூன்று நான்கு கிராம் துணியோடு போய்விடும். துடைத்த பிறகே கடைசி எடை. தட்டிலும் ஒரு சொட்டு விழுந்திருக்கக்கூடும். அது போத்தலின் அடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த போத்தலின் கணக்கில் கலக்கும். நான்கு போத்தலுக்கு ஒரு முறை தட்டைத் துடைத்துவிட்டு, வெறும் தட்டு பூச்சியம் காட்டுகிறதா என்று பார்ப்பது நல்லது.

எண் கூடுவதும் குறைவதுமாக அலைந்தால் மின்விசிறியை நிறுத்துங்கள். முக்கால்வாசி நேரம் அதுதான்.

எல்லாம் சரியாகச் செய்தும் வேறொரு தராசில் எடை ஒத்துவரவில்லை

எது தவறு என்பதைத் தராசுக்குத் தராசு வைத்து முடிவு செய்ய முடியாது, எடைக்கல் வேண்டும். சான்றளித்த 500 கிராம் எடைக்கல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் இந்தச் சண்டை ஒரு நிமிடத்தில் தீரும். அடைக்கப்போகும் எடைக்கு அருகிலேயே சோதிக்க வேண்டும். 50 கிராமில் சரியாக இருக்கும் தராசு 700 கிராமில் பிசகலாம்.

அக்காவின் தராசில் எங்கள் எடைக்கல்லை வைத்தபோது 498 காட்டியது. அவருடைய மகன் லண்டனில் படித்துவிட்டு வரும்போது கொண்டுவந்த தராசாம். இதற்கு ஒரு அழகான விளக்கம் இருக்கிறது. இந்தத் தராசுகள் அளப்பது பூமி இழுக்கும் விசையை. அந்த இழுப்பு எல்லா ஊரிலும் ஒன்றல்ல, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்கு லண்டனைவிட ஆயிரத்தில் மூன்று பங்கு குறைவு. அங்கே சரிபார்த்த தராசு இங்கே 500 கிராமை 498.4 என்று உணர்ந்து, முழு எண்ணாக 498 காட்டும். அக்காவின் தராசு அங்கே சரிபார்க்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது, மலிவான தராசு தன்பாட்டுக்கே இரண்டு கிராம் பிசகவும் கூடும். எப்படியிருந்தாலும் அவர் 500 காட்டும்வரை ஊற்றும்போது இரண்டு கிராம் கூடுதலாகத்தான் கொடுத்திருக்கிறார். திருத்தம் செய்யும் வசதி உள்ள தராசு என்றால் எடைக்கல்லை வைத்து இங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

எண் ஐந்து ஐந்தாகத் தாவினால் அது பழுதல்ல. 15 கிலோ தாங்கும் கடைத் தராசுகள் பலவற்றில் ஒரு படி ஐந்து கிராம். 500 என்று காட்டுவது 498 ஆகவும் இருக்கலாம், 502 ஆகவும் இருக்கலாம். அரைக்கிலோ போத்தலுக்கு ஒரு கிராம் படியுள்ள சிறிய தராசுதான் ஏற்றது.

விற்பனைக்காக எடை போடும் தராசு என்றால் இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரில் வணிகத்துக்குப் பயன்படும் தராசை அனுமதி பெற்ற சரிபார்ப்பாளர் ஆண்டுக்கு ஒரு முறை சோதித்து முத்திரை ஒட்ட வேண்டும். ஈரச்சந்தைக் கடைகளின் தராசுகளில் அந்தச் சிறு ஒட்டுச்சீட்டைப் பார்த்திருப்பீர்கள். சமையலறைத் தராசு அந்தச் சோதனைக்கான வகையே அல்ல. அடைக்கும் வேலையில் ஊற்றும்போது கைக்கு வசதியாக அதை வைத்துக்கொண்டாலும், கடைசி எடையை முத்திரையுள்ள தராசில் பார்ப்பதே முறை.

எத்தனை கிராமுக்குக் குறி வைப்பது

உணவு விதிமுறைகள் லேபிளில் கேட்பது பொட்டலத்தில் உள்ள குறைந்தபட்ச அளவை. ஆகவே 500 என்று எழுதிவிட்டு 500-க்கே குறி வைத்தால், பாதிப் போத்தல்கள் ஒன்றிரண்டு கிராம் கீழே போய்விடும். தராசின் ஒரு கிராம் படி, துடைப்பதில் போகும் ஒன்றிரண்டு கிராம் இவற்றுக்கு இடம் விட்டு நான் 503-க்குக் குறி வைக்கிறேன். அக்காவின் 24 போத்தலுக்கு இதனால் கூடுதலாகப் போவது 72 கிராம் தேன். அடைத்து முடித்ததும் ஐந்தில் ஒன்றை எடுத்து, அடியில் எழுதிய வெறும் எடையைக் கழித்துப் பார்க்கிறேன். ஒன்றாவது 500-க்குக் கீழே வந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் மறுபடி எடை போடுவேன். லேபிளில் எழுத்தின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அலங்கார எழுத்துருக்களில் மற்றதெல்லாம் பெரிதாக இருக்க, நிகர எடை மட்டும் எறும்பு போல ஆகிவிடுகிறது.

வாங்கியவர் எடை போட்டுப் பார்த்துவிட்டுக் குறைவு என்கிறார்

எல்லாவற்றையும் திருத்தி அடைத்த பிறகு, தீபாவளிக்கு முந்திய வாரம் அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. பொங்கோலிலிருந்து ஒருவர் போத்தலை ஒரு பாத்திரத்தில் கவிழ்த்து எடை போட்டிருக்கிறார். 484 கிராம்தானாம், படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

ஊற்றி எடை போட்டால் தேன் எப்போதும் குறைவாகத்தான் வரும். உட்சுவரில் ஒட்டியிருப்பது கண்ணாடி போலவே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. சரியான சோதனைக்கு, நிரம்பிய போத்தலைத் திறக்கும் முன்பே மொத்த எடை பார்க்க வேண்டும், காலியான பின் லேபிளை உரிக்காமல் வெந்நீரில் கழுவி நன்றாக உலர்த்தி மூடியோடு எடை போட்டுக் கழிக்க வேண்டும். அவர் ஏற்கெனவே திறந்து ஊற்றிவிட்டதால், போத்தலைக் கழுவாமல் அப்படியே மூடியோடு தராசில் வைத்துப் படித்துச் சொல்லும்படி கேட்கச் சொன்னேன். 294 என்று பதில் வந்தது. அக்கா தன் குறிப்பேட்டில் அந்த வரிசை எண்ணைத் தேடினார். போத்தல் 264, மூடி 11, ஆக 275. மீதி 19 கிராம் தேன் சுவரில் இருந்தது. 484-உடன் அதைக் கூட்டினால் 503.

போத்தலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குலுக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்து குடிக்கச் சொன்னாராம் அக்கா.